‘பார்க்கலாம் சார்’ என்று வந்த பதில்: ஒரு பொருளாளர் பதவி, இரண்டு மெயில்கள்

சென்னைக்குத் தெற்கே, 112 வீடுகள் கொண்ட ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் உரிமையாளர் சங்கத்தில் நான் 4 வருடம் செயலாளராக இருந்தேன். ஜூன் கடைசியில் பொதுக்குழு வரும். அதற்கு முன்னால் ஆள் பிடிப்பதுதான் செயலாளருக்குப் பெரிய வேலை. தண்ணி லாரி, லிப்ட், கழிவுநீர் சுத்திகரிப்பு எல்லாம் அதற்கு அடுத்துதான்.

அந்த வருடம் பொருளாளராக இருந்தவர் கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய் இருக்க முடிவு செய்துவிட்டார். அந்த இடத்துக்கு சி பிளாக்கில் இருக்கும் ஒரு பெண்மணியைக் கேட்பது என்று முடிவானது. கணக்கு வேலையில் இருப்பவர், நாற்பது வயதுக்காரர். போன பொதுக்குழுவில் வரவுசெலவு அறிக்கையில் ஒரு கூட்டல் பிழையை எழுந்து நின்று காட்டியவர். தப்பைக் காட்டினால் அந்த வேலையையே தலையில் கட்டிவிடுவது எல்லாச் சங்கங்களிலும் உள்ள பழக்கம்.

புதன்கிழமை மெயில் அனுப்பினேன். பின்னால் அதை எடுத்துப் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. ‘உங்களைப் போன்றவர்கள் முன்வந்தால்தான் நம் குடியிருப்பு முன்னேறும்’ என்று ஆரம்பித்து 17 வரி. அதில் எந்தப் பதவி என்பது பதினோராவது வரியில்தான் வருகிறது. செக்கில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்குமே இல்லை. எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பதும் இல்லை. கமிட்டியில் இருந்த மற்ற ஏழு பேரையும் நகலில் வேறு சேர்த்திருந்தேன். ஏழு பேர் பார்க்க ஒருவரைக் கேட்டால் அவருக்கு வாய் எழாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேனோ என்னவோ, ஆள் கிடைக்காத வருடம் அது.

வியாழக்கிழமை மாலை லிப்ட் வாசலில் பார்த்தேன். “ஆபீஸ்ல ஆடிட் நேரம் சார், கஷ்டம்” என்றார். “மாசத்துக்கு ரெண்டு மணி நேரம்தாம்மா, நாங்க எல்லாம் இருக்கோம்ல” என்றேன். ரெண்டு மணி நேரம் என்பது சுத்தப் பொய். வசூல் பாக்கி துரத்துவதற்கே வாரம் ரெண்டு மணி நேரம் போகும்.

வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றேகாலுக்குப் பதில் வந்தது. எனக்கு மட்டும்.

‘வணக்கம் சார். என்னை நினைத்ததற்கு மிக்க நன்றி. இப்போதைக்கு ஆபீஸில் கொஞ்சம் வேலை அதிகம். மன்னிக்கவும். என்னால் முடிந்ததைக் கட்டாயம் செய்கிறேன். பார்க்கலாம் சார்.’

அவர் மறுத்துதான் எழுதியிருந்தார். இதைத் தமிழ்நாட்டில் வளர்ந்த யாரும் உள்ளுக்குள் அறிவார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன இடத்தில் ‘பார்க்கலாம்’ என்றால் வரப்போவதில்லை என்று நமக்குத் தெரியாதா? ஆனால் கேட்டவருக்கு ஆள் தேவை என்னும்போது அதே சொல் வேறு மாதிரி காதில் விழுகிறது. ‘இப்போதைக்கு’ என்பதை ‘ஆடிட் முடிந்ததும்’ என்று படித்தேன். ‘முடிந்ததைக் கட்டாயம் செய்கிறேன்’ என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். பதில் எனக்கு மட்டும் வந்திருந்ததால் மற்ற ஏழு பேரும் அதைப் பார்க்கவில்லை. அவர்களிடம் நான் சொன்னது ஒரே சொல்: “ஒத்துக்கிட்டாங்க.”

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. அவர் ஊரில் இல்லை. பெயரை வாசித்தோம், ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், கை தட்டினார்கள். மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது.

இதோடு நின்றிருந்தால் ஒரு சங்கடம் என்ற அளவில் போயிருக்கும். எங்கள் விதிமுறைப்படி செக்கில் பொருளாளர் கையெழுத்து கட்டாயம். அதோடு தலைவரோ செயலாளரோ ஒருவர் போட வேண்டும். திங்கட்கிழமை, ஜூலை 1, காலையிலேயே வங்கிக்குப் போய்த் தீர்மான நகலைக் கொடுத்துப் பழைய பொருளாளர் கையெழுத்தை நீக்கச் சொல்லிவிட்டேன். அவர் அன்று மதியம் ரயில் ஏறினார். புதியவரின் பான், ஆதார், போட்டோ, மாதிரிக் கையெழுத்து வந்தால்தான் கணக்கு இயங்கும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை அந்தப் படிவத்தை ஸ்கேன் செய்து அவருக்கு அனுப்பினேன். தான் பொருளாளர் ஆகிவிட்டோம் என்பது அதைத் திறந்தபோதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

புதன்கிழமை மாலை போன் வந்தது. குரலில் கோபம் இல்லை.

“சார், கொஞ்ச நேரத்துல ஒரு மெயில் அனுப்பறேன். எல்லாருக்கும் சேர்த்துதான் அனுப்பறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும்னு தோணிச்சு. என்னால இந்தப் பொறுப்பை எடுத்துக்க முடியாது சார்.”

நான் வழக்கப்படி ஆரம்பித்தேன். “இல்லம்மா, தீர்மானமே ஆயிடுச்சு…”

“தெரியும் சார். மெயில்ல எல்லாம் எழுதியிருக்கேன். படிச்சுட்டு ஏதாவது விட்டுப்போயிருந்தா கூப்பிடுங்க.”

ஒன்றரை நிமிடம் இருக்கும். பெரியவரை எழுத்தில் முதலில் மறுத்தால் முறைத்துக்கொள்வார் என்று போனில் சொன்னார். போனில் மட்டும் சொன்னால் நான் மறுபடி ‘ஒத்துக்கிட்டாங்க’ என்று திரித்துவிடுவேன் என்று மெயிலும் அனுப்பினார். இரண்டாவது காரணத்தை அவர் வாயால் சொல்லவில்லை, எனக்குப் புரிந்தது.

மெயில் இது. அவர் அனுமதியோடு, அடையாளங்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.

பொருள்: பொருளாளர் பொறுப்பை ஏற்க இயலாமை

மதிப்பிற்குரிய செயலாளர் சார் அவர்களுக்கும் கமிட்டி உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொருளாளர் பொறுப்புக்கு என்னை நினைத்ததற்கு நன்றி. அந்தப் பொறுப்பை என்னால் ஏற்க இயலாது. இந்த ஆண்டுக் கமிட்டியில் வேறு பொறுப்பிலும் என் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆண்டு நம் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை இருக்கிறது. அதற்கு விலைப்புள்ளி கொடுக்க இருப்பவர்களில் என் உடன்பிறந்த தம்பியும் ஒருவர். அந்த வேலைக்கான செக்கில் என் கையெழுத்து இருப்பது முறையல்ல.

வெள்ளிக்கிழமை நான் அனுப்பிய பதிலில் ‘பார்க்கலாம்’ என்று எழுதியிருந்தேன். தெளிவாக எழுதாதது என் தவறு, அதற்கு வருந்துகிறேன். ஆனால் நான் சம்மதம் தரவில்லை, பொறுப்பு ஏற்கவும் இல்லை. எனவே இந்தக் கடிதத்தை ராஜினாமாவாகக் கொள்ளாமல், ‘முன்மொழியப்பட்டவர் பொறுப்பை ஏற்கவில்லை’ என்று மினிட்ஸில் பதிவு செய்ய வேண்டுகிறேன்.

பராமரிப்புக் கட்டண வசூல் ஷீட்டில் சில வீடுகளின் பாக்கி சரியாக வரவில்லை என்று பொதுக்குழுவில் பேச்சு வந்ததாகக் கேள்விப்பட்டேன். ஜூலை 27 சனிக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை ஆபீஸ் அறையில் உட்கார்ந்து அதைச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
(பெயர்), சி பிளாக்

கமிட்டியில் இதைப் படித்த உபதலைவர் உடனே எனக்குப் போன் போட்டு, “என்ன சார், வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு?” என்றார். முதல் வாசிப்பில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது தடவை படித்தபோதுதான் ஒரு இடத்திலும் மரியாதை குறையவில்லை என்பது தெரிந்தது. நாம் வளைந்து வளைந்து எழுதிப் பழகியதால் நேராக எழுதியது உறைப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

‘என்னால் ஏற்க இயலாது’ என்ற வாக்கியத்தைப் பற்றி அவரிடமே ஒருநாள் கேட்டேன். மொட்டைமாடியில் துணி எடுக்க வந்தவர், போனில் இருந்த பழைய வரைவுகளைக் காட்டினார். முதல் வரைவில் ‘ஏற்க முடியாது’ என்று இருந்திருக்கிறது. பேச்சில் முடியாது என்பது சாதாரணச் சொல், ஆனால் வயதில் மூத்தவருக்கு எழுதும்போது அது முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடுகிறது. அடுத்த வரைவில் ‘ஏற்க இயலாத நிலையில் உள்ளேன்’ என்று மாற்றியிருக்கிறார். இது பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலை என்று சொன்னால் நிலை மாறும் என்றும் ஆகிறது. நான் நிச்சயம் ‘நிலைமை எப்பம்மா சரியாகும்?’ என்று கேட்டிருப்பேன். ‘இயலாது’ என்ற சொல்லில் பணிவும் உண்டு, கதவும் சாத்தியாகிவிடும். முன்னால் ‘என்னால்’ இருப்பதால் பதவியையோ கேட்டவரையோ தட்டிக்கழித்த தொனியும் வருவதில்லை. முதல் மெயிலின் ‘இப்போதைக்கு’ இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு சங்கம் ஆறு மாதம் காத்திருக்கும், பெயரைப் பட்டியலில் விட்டுவைத்துக்கொண்டே.

அந்த வாக்கியம் நிற்கும் இடமும் முக்கியம். நன்றிக்கு அடுத்த வரியிலேயே வந்துவிடுகிறது. காரணத்தை முதலில் எழுதி முடிவைக் கடைசியில் சொன்னால், படிப்பவர் காரணத்துக்குப் பதில் யோசித்துக்கொண்டே வருவார். முடிவுக்கு வரும்போது கையில் ஒரு சமாதானம் தயாராக இருக்கும். ‘வேறு பொறுப்பிலும் சேர்க்க வேண்டாம்’ என்ற வரியும் தற்செயல் அல்ல. பொருளாளர் வேண்டாம் என்றால் ‘சரி, இணைச் செயலாளர்’ என்று இறங்கி வருவதுதான் எங்கள் அடுத்த நகர்வாக இருந்திருக்கும். பெண்கள் ஒருவராவது கமிட்டியில் இருக்கட்டுமே என்ற வாதமும் தயாராக இருந்தது.

காரணத்துக்கு வருவோம். வேலை அதிகம் என்று அவர் சொன்னபோது நான் அதை ரெண்டு மணி நேரமாக வெட்டிவிட்டேன். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தால் ‘வீட்டிலிருந்தே செய்யலாமே’ என்றிருப்பேன். நேரம், உடம்பு, அனுபவம் இல்லை என்பதெல்லாம் பேரம் பேச இடம் தரும் காரணங்கள். தம்பி விலைப்புள்ளி கொடுக்கிறார் என்பதில் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. 30 லட்சத்துக்கு மேல் போகும் வேலை, பணம் கொடுக்கும் கையெழுத்து அக்காவுடையது என்றால் பொதுக்குழுவில் நாற்காலி பறக்கும். அப்படியானால் முதலிலேயே அதைச் சொல்லியிருக்கலாமே? கேட்டேன். “தம்பி கொட்டேஷன் கொடுக்கிறது நாலு பேருக்குத் தெரிஞ்சா, அக்கா இருக்கிற தைரியத்துலன்னு சொல்லுவாங்க சார். அதான் வேலையை இழுத்தேன்.” அவர் பயந்தது நடந்தது. மெயில் போன மறுநாளே வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் ஜாடையாக ஏதோ போட்டார். கடைசியில் அந்தத் தம்பி விலைப்புள்ளி கொடுக்கவே இல்லை. உண்மைக் காரணத்தைச் சொன்னதற்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை அது, மெயில் நன்றாக இருந்ததால் எல்லாம் சுபம் என்று நான் எழுத முடியாது.

காரணம் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்றால், இல்லை. அதே வருடம் பி பிளாக்கில் ஒருவரையும் உறுப்பினராகக் கேட்டிருந்தேன். ‘வணக்கம் சார். அழைப்புக்கு நன்றி. சொந்தக் காரணங்களால் என்னால் கமிட்டிக்கு வர இயலாது’ என்று ஒன்றரை வரியில் முடித்துவிட்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து வந்த பதில்களிலேயே சுத்தமானது அதுதான். சி பிளாக் பெண்மணிக்கு அந்த வசதி இல்லாமல் போனதற்கு ஒரே காரணம், முதல் பதில் குழப்பியதும் நாங்கள் தீர்மானமே போட்டுவிட்டதும்தான். தீர்மானத்தைத் திருப்ப வேண்டுமானால் மினிட்ஸில் எழுத ஒரு காரணம் தேவைப்பட்டது.

இந்த மெயிலில் எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது ‘ராஜினாமாவாகக் கொள்ளாமல்’ என்ற வரி. ராஜினாமா என்றே எழுதிவிட்டால் எங்களுக்கும் சுலபம், ஏன் இந்தப் பிடிவாதம்? எங்கள் ஆடிட்டர்தான் விளக்கினார். ராஜினாமா செய்ய வேண்டுமானால் முதலில் பதவியில் இருந்திருக்க வேண்டும். ஜூன் 30 முதல் ஜூலை 3 வரை அவர் பொருளாளர் என்று அவரே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பெயின்ட் வேலைக்கு விலைப்புள்ளி கேட்டு நாங்கள் கடிதம் அனுப்பியது ஜூலை 1. அதாவது தம்பிக்குக் கடிதம் போன நாளில் அக்கா பொருளாளர்! ‘ஏற்கவில்லை’ என்றால் அந்த நான்கு நாள் அவர் கணக்கில் வராது. கணக்குப் படித்தவர் எழுதிய கடிதம் என்பது இந்த வரியில்தான் தெரிகிறது.

பதிவுத்துறை விஷயமும் இதில் இருக்கிறது. எங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. கமிட்டியில் ஆள் மாறினால் படிவம் 7-ல் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே பெயர் ஏறிவிட்டால் அது அரசு ஆவணம். நல்லவேளையாக நான் அதை இன்னும் அனுப்பவில்லை. சோம்பல்தான் காரணம், முன்யோசனை இல்லை. அனுப்பியிருந்தால் அவர் ஏற்கவில்லை என்று நாங்கள் உள்ளே எழுதிக்கொண்டாலும் வெளியே அவர்தான் பொருளாளராக இருந்திருப்பார்.

கடைசிப் பத்தி, உதவி செய்கிறேன் என்பது. முதல் மெயிலின் ‘முடிந்ததைக் கட்டாயம் செய்கிறேன்’ என்பதும் உதவிதான். ஆனால் அதற்குக் கரை இல்லை. கரை இல்லாத உதவியை நாங்கள் பதவியாகவே பெருக்கிவிட்டோம். இரண்டாவதில் எந்த வேலை, எந்தத் தேதி, எத்தனை மணி வரை என்று அளந்துவிட்டார். வரைவில் ஏ பிளாக்கில் ஓய்வுபெற்ற ஒருவரின் பெயரை எழுதி, ‘அவரைக் கேட்டுப்பாருங்கள்’ என்று வைத்திருந்திருக்கிறார். அப்புறம் எடுத்துவிட்டார். அவரைக் கேட்காமல் அவர் பெயரை எழுதினால், தனக்கு நடந்ததையே இன்னொருவருக்குச் செய்வதாகிவிடும் என்று தோன்றியதாம்.

சனிக்கிழமை கமிட்டியைக் கூட்டினோம். அவர் கேட்ட வாசகத்தையே மினிட்ஸில் எழுதினோம். பொதுக்குழுவுக்கு நடுவில் காலியாகும் இடத்தைக் கமிட்டியே நிரப்பிக்கொள்ள விதிமுறையில் இடம் இருந்ததால், கமிட்டியிலேயே இருந்த ஒருவரைப் பொருளாளராக்கினோம். திங்கட்கிழமை புதுத் தீர்மானத்தோடு மறுபடி வங்கி. கையெழுத்து ஏறிக் கணக்கு திறந்தது 16-ஆம் தேதி.

செக்யூரிட்டி ஏஜென்சிக்கு வழக்கமாக 7-ஆம் தேதி பணம் போய்விடும். அந்த மாதம் ஒன்பது நாள் தள்ளிப்போனது. ஏஜென்சி தன் கைக்காசைப் போடாததால் கேட்டில் நின்ற நான்கு பேருக்கும் சம்பளம் வரவில்லை. அவர்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என் வண்டி ஹாரன் கேட்டதும் ஓடிவந்து திறக்கிற பெரியவர், அந்த ஒரு வாரம் நடந்துதான் வந்தார்.

அடுத்த வருடம் நான் அனுப்பிய மெயில் ஆறு வரி. முதல் வரியில் பதவியின் பெயர், அடுத்து வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது, செக்கில் கையெழுத்து உண்டா இல்லையா, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பது. கடைசியில், ‘சம்மதம் என்று எழுதி அனுப்பினால் மட்டுமே பெயரை முன்மொழிவோம். பதில் வராவிட்டால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வோம், தவறாக நினைக்க மாட்டோம்.’ ஒன்பது பேருக்கு அனுப்பினேன். மூன்று பேர் சம்மதம் என்றார்கள், இரண்டு பேர் இயலாது என்றார்கள், நான்கு பேர் பதிலே போடவில்லை. உபதலைவருக்கு இந்தக் கடைசி வரி பிடிக்கவில்லை, வலியப் போய் வழியைக் காட்டிக்கொடுக்கிறோம் என்றார். காட்டிக்கொடுக்கத்தானே வேண்டும்.

ஜூலை 27 அன்று சொன்னபடி பத்து மணிக்கு அந்தப் பெண்மணி லேப்டாப்போடு ஆபீஸ் அறைக்கு வந்துவிட்டார். இரண்டு வீடுகள் ஆன்லைனில் கட்டிய பணம் வேறு வீட்டு எண்ணில் வரவாகியிருந்ததைக் கண்டுபிடித்தார். ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உபதலைவர் காபியைக் கொண்டுவந்து வைத்து, “இதே மாதிரி மாசா மாசம் ஒரு சனிக்கிழமை வந்தீங்கன்னா…” என்று இழுத்தார். அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டு, “மெயில்ல ஒரு தேதிதான் சார் போட்டிருந்தேன்” என்று சிரித்துக்கொண்டே லேப்டாப்பை மூடினார்.